ஒரு சதுரம், எட்டு அம்புகள், ஒரு வட்டம்

பொறியியல் மாணவர்கள் கைப்பேசியில் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் கணக்குகளில், அம்புகள் சூழ்ந்த சிறு சதுரம் ஒன்று அடிக்கடி வரும். சுமை தாங்கும் தண்டிலோ தகட்டிலோ ஒரே ஒரு புள்ளியைப் பெரிதாக்கிக் காட்டும் படம் அது. பக்கத்துக்குச் செங்குத்தான அம்புகள் இழுப்பையோ அழுத்தத்தையோ குறிக்கும். பக்கத்தோடு ஒட்டி ஓடும் அம்புகள் ஷியரை, அதாவது பொருளின் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் சறுக்க முயல்வதைக் குறிக்கும்.

சதுரம் எந்தக் கோணத்தில் வரையப்பட்டதோ அந்தக் கோணத்துத் தகைவுகள் மட்டுமே படத்தில் உள்ளன. பொருள் முறிவது வேறொரு கோணத்தில் இருக்கலாம். சுண்ணக்கட்டியின் இரு முனைகளையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். நேராக முறியாமல் ஏறத்தாழ 45 பாகை சாய்ந்த திருகு வடிவில் முறியும். இழுப்பு உச்சமாக இருக்கும் திசைக்குக் குறுக்கே அது பிளக்கிறது. அந்த உச்ச இழுப்புக்கும், அதற்குச் செங்குத்தான திசையில் உள்ள மிகக் குறைந்த மதிப்புக்கும் முதன்மைத் தகைவுகள் என்று பெயர். இவற்றைக் கவராயத்தால் கண்டுபிடிக்கும் வரைமுறையை 1882இல் ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ மோர் வெளியிட்டார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வலப்பக்கத்தில் 90 மெகாபாஸ்கல் வெளிநோக்கி இழுக்கிறது. மேல்பக்கத்தில் 30 உள்நோக்கி அழுத்துகிறது. ஷியர் 80, வலப்பக்கத்தில் அதன் அம்பு மேல்நோக்கி இருக்கிறது.

எண்களைத் தொடுமுன் ஷியர் அம்புகளைச் சரிபார்க்க வேண்டும். நான்கு அம்புகளின் முனைகளும் எதிரெதிரான இரண்டு மூலைகளில் இரண்டிரண்டாகச் சந்திக்க வேண்டும். இங்கே அவை மேல்வல மூலையிலும் கீழ்இட மூலையிலும் சந்திக்கின்றன. அப்படிச் சந்திக்காவிட்டால் சதுரம் தானே சுழலத் தொடங்கும். ஆகவே நாம் ஏதோ ஓர் அம்பைத் தப்பாகப் படித்திருக்கிறோம். மங்கலான படத்தில் ஓர் அம்பு மட்டும் தெளிவாகத் தெரிந்தாலும் மற்ற மூன்றையும் இந்த விதியைக் கொண்டே நிரப்பிவிடலாம்.

இனி வரைவோம். ஒரு சென்டிமீட்டருக்கு 20 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம். கிடை அச்சில் இழுப்பு வலப்புறம், அழுத்தம் இடப்புறம். சதுரத்தை இடஞ்சுழியாகத் திருப்ப முயலும் ஷியரை அச்சுக்குக் கீழேயும், வலஞ்சுழியாகத் திருப்ப முயல்வதை மேலேயும் குறிக்க வேண்டும். வலப்பக்கத்து அம்பு மேல்நோக்கி இருப்பதால் அது இடஞ்சுழி. எனவே அதன் புள்ளி வலப்புறம் 90, கீழே 80. மேல்பக்கத்தின் புள்ளி இடப்புறம் 30, மேலே 80. இரண்டையும் சேர்க்கும் கோடு அச்சை 30இல் வெட்டுகிறது. அதுதான் மையம். அங்கே ஊசியை ஊன்றி அந்த இரு புள்ளிகள் வழியாகச் சுற்றினால் 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டம் கிடைக்கும், அதாவது 100 மெகாபாஸ்கல்.

வட்டம் அச்சைத் தொடும் இடங்கள் 130, −70: இவையே முதன்மைத் தகைவுகள். உச்ச ஷியர் ஆரத்தின் அளவேயான 100. 130உம் −70உம் கூடினால் 60. தொடக்கத்து 90உம் −30உம் கூடினாலும் 60. இந்தக் கூட்டுத்தொகை எந்தக் கோணத்திலும் மாறாது. மாறியிருந்தால் வரைபடத்தில் எங்கோ பிழை.

கோணத்தைப் பாகைமானியால் அளந்தால், வலப்பக்கத்துப் புள்ளியிலிருந்து 130க்குப் போக மையத்தில் சுமார் 53 பாகை இடஞ்சுழியாகத் திரும்ப வேண்டும். வட்டத்தில் கோணங்கள் இரட்டிப்பாகத் தெரியும் என்பதால், உண்மைச் சதுரத்தைத் திருப்ப வேண்டியது அதில் பாதி, சுமார் 26.6 பாகை. இந்தப் பாதியை மறப்பவர்கள் ஏராளம். உச்ச இழுப்பு, ஷியர் அம்புகள் சந்திக்கும் மூலையின் பக்கமாகச் சாய்ந்திருந்தால் திசை சரி.

படம் கண்ணாடிப் பிம்பமாகப் புரண்டிருந்தால் என்ன ஆகும்? ஷியரின் குறி மாறும், ஆனால் 130, −70, 100 அப்படியே வரும். சாய்வு மட்டும் எதிர்ப்பக்கம் போய்விடும். விடை எண்கள் பொருந்துவதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அழுத்தத்தை இழுப்பாகப் படித்துவிட்டாலோ எண்களே கெடும்: மையம் 60க்கு நகரும், உச்ச இழுப்பு சுமார் 145 ஆகிவிடும்.

உச்ச ஷியர் வரும் தளங்கள் முதன்மைத் தளங்களிலிருந்து 45 பாகை விலகி இருக்கும். அங்கே ஷியர் மட்டும்தான் இருக்கும் என்று நினைப்பது தவறு. மையத்தின் மதிப்பான 30 மெகாபாஸ்கல் இழுப்பும் கூடவே இருக்கும். 250 மெகாபாஸ்கலில் நெகிழத் தொடங்கும் சாதாரண எஃகு, உச்ச ஷியர் கோட்பாட்டின்படி ஷியரில் அதில் பாதியான 125 வரை தாங்கும். நம் கணக்கில் 100 வருகிறது. பாதுகாப்புக் காரணி வெறும் 1.25.

தாளுக்குச் செங்குத்தான மூன்றாவது திசையும் உண்டு. அங்கே தகைவு பூஜ்யம். நம் கணக்கில் ஒன்று இழுப்பு, மற்றது அழுத்தம் என்பதால் அந்தப் பூஜ்யம் இரண்டுக்கும் நடுவில் விழுந்து எதையும் மாற்றவில்லை. இரண்டும் 130, 50 என்று இழுப்பாகவே இருந்திருந்தால், வரைந்த வட்டம் ஷியரை 40 என்றுதான் காட்டும். உண்மையான உச்சமோ 130க்கும் பூஜ்யத்துக்கும் இடையே வரையும் வட்டத்தின் ஆரமான 65.