கிளைக்கு ஒரே இணைப்பா, இரண்டா?

தலைமை அலுவலகத்தோடு நான்கு கிளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே லீஸ்டு லைன். இந்த நிலையில் ஸ்டாட்டிக் ரூட்டே போதும். வெளியே போக ஒரே வழிதான் என்பதால், கிளை ரவுட்டரில் ஒரு வரி எழுதினால் வேலை முடிந்தது.

கிளைகள் பதினைந்தாகி, ஒவ்வொன்றுக்கும் மாற்று லைன் வரும்போதுதான் சிக்கல். பலர் இப்படி எழுதுவார்கள்:

```
ip route 0.0.0.0 0.0.0.0 10.1.1.1
ip route 0.0.0.0 0.0.0.0 10.2.2.1 200
```

முதல் வழி போனால், 200 என்று குறித்த இரண்டாம் வழி எடுத்துக்கொள்ளும். ஆனால், ரவுட்டர் பார்ப்பது தன் போர்ட் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டுமே. லைன் நடுவழியில், சேவை நிறுவனத்தின் ஸ்விட்சுக்கு அப்பால் அறுந்தால் போர்ட் `up` என்றே காட்டும். மாற்று லைன் சும்மா கிடக்க, தகவல் எல்லாம் செத்த பாதையிலேயே போய்த் தொலையும். போர்ட் `up`, ஆனால் 10.1.1.1-க்கு பிங் போகவில்லை என்றால் கோளாறு இதுதான்.

ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையில் இரு முனை ரவுட்டர்களும் வழக்கமாக 10 விநாடிக்கு ஒருமுறை ‘ஹலோ’ அனுப்பிக்கொள்கின்றன. 40 விநாடி பதில் இல்லையென்றால் அந்த வழியைக் கைவிட்டு, தாமாகவே மாற்று லைனுக்கு மாறிவிடும். புதிய கிளையின் முகவரியும் தானாகவே மற்ற ரவுட்டர்களுக்குப் போய்ச் சேரும்.

ஆகவே ஒற்றை லைன் கிளைகளை ஸ்டாட்டிக்கிலேயே விடலாம். இரட்டை லைன் கிளைகளை ஓ.எஸ்.பி.எஃப்.புக்கு மாற்றுங்கள். மாற்றியதும் `show ip ospf neighbor` கொடுத்து, இரு லைன்களிலும் `FULL` என்று வருகிறதா என உறுதி செய்துகொள்ளுங்கள்.