கூரா, மொட்டையா? இடிதாங்கி முனையின் கணக்கு

இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையிலுள்ள பர்ஃப்ளீட்டில் அரசின் வெடிமருந்துக் கிடங்குகள் இருந்தன. அவற்றுக்கு எப்படிப்பட்ட இடிதாங்கி பொருத்தலாம் என்று ஆராய ராயல் சொசைட்டி 1772 இல் ஒரு குழு அமைத்தது. பெஞ்சமின் பிராங்ளினும் ஹென்றி கேவண்டிஷும் அதில் இருந்தார்கள். குழு கூர்முனையைப் பரிந்துரைத்தது. பெஞ்சமின் வில்சன் என்ற உறுப்பினர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கூர்முனை மின்னலை வலியப் போய்க் கூப்பிடும், முனை மழுங்கலாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1777 மே மாதம், கூரிய இடிதாங்கி வைத்திருந்த ஒரு கட்டடத்தில் மின்னல் விழுந்தது. சேதம் சில செங்கற்களோடு போயிற்று. ஆனால் அது அமெரிக்கச் சுதந்திரப் போர் நடந்துகொண்டிருந்த நேரம்; பிராங்ளினோ எதிரணியின் முக்கியத் தலைவர். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் வில்சன் பக்கம் சாய்ந்து, தன் அரண்மனையில் குமிழ்முனை இடிதாங்கிகளைப் பொருத்தச் செய்தார்.

அரசியலை விட்டுவிட்டுப் பார்த்தால், இந்தச் சண்டைக்குள் ஒரு நல்ல இயற்பியல் கேள்வி இருக்கிறது. முனை கூராக இருந்தால் அங்கே அப்படி என்னதான் நடக்கிறது? அதைப் புரிந்துகொள்ள இரண்டு உலோக உருண்டைகளும் ஒரு கம்பியும் போதும்.

ஒன்றின் ஆரம் 10 சென்டிமீட்டர், மற்றதன் ஆரம் 1 சென்டிமீட்டர். இரண்டையும் வெகு தூரம் தள்ளிவைத்து, நீளமான மெல்லிய கம்பியால் இணைத்து, கொஞ்சம் மின்னூட்டம் கொடுக்கிறோம். அது எப்படிப் பங்காகும்? குழாயால் இணைத்த இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துக்கொள்ளலாம். மட்டம் சமமாகும்வரை தண்ணீர் ஓடும், சமமானதும் நின்றுவிடும். உருண்டைகளில் மட்டத்தின் இடத்தில் இருப்பது மின்னழுத்தம். இரண்டின் மின்னழுத்தமும் சமமாகும்வரை கம்பி வழியே மின்னூட்டம் நகரும்.

ஒப்புமை இதுவரைதான் சரி. இதற்கு மேல் அது தவறான பாதையில் கொண்டுபோய் விட்டுவிடும், விஷயமே அங்கேதான் இருக்கிறது. தொட்டிகளில் தண்ணீர் அடிப்பரப்பின் விகிதத்தில் பங்காகும். உருண்டைகளில் மின்னூட்டம் பரப்பின் விகிதத்தில் பங்காவதில்லை, ஆரத்தின் விகிதத்தில் பங்காகிறது. தனித்து நிற்கும் உருண்டையின் மின்னழுத்தம், அதன் மின்னூட்டத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பதைப் பொறுத்தது. சிறிய உருண்டையில் மின்னூட்டங்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று பலமாகத் தள்ளுகின்றன. அதனால் கொஞ்சம் மின்னூட்டம் சேர்ந்ததுமே அழுத்தம் ஏறிவிடுகிறது. ஆரம் பத்தில் ஒரு பங்கு என்றால், அதே அழுத்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு மின்னூட்டம் போதும்.

எண்களை வைத்துப் பார்ப்போம். மொத்தம் 110 நானோகூலும் கொடுத்தால், பெரியதில் 100, சிறியதில் 10 நிற்கும். இரண்டின் மின்னழுத்தமும் சுமார் 9,000 வோல்ட். சிறியதற்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்கு. ஆனால் அதன் மேற்பரப்போ நூறில் ஒரு பங்குதான். ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் பெரியதைவிடப் பத்து மடங்கு மின்னூட்டம் அடைந்து நிற்கிறது. கடத்தியின் மேற்பரப்பில் மின்புலம் இந்த அடர்த்தியைப் பின்பற்றியே போகும். பெரியதன் மேல் சென்டிமீட்டருக்கு 900 வோல்ட்; சிறியதன் மேல் 9,000 வோல்ட். மின்னூட்டம் குறைவாக உள்ள இடத்தில் மின்புலம் அதிகமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு உருண்டைகள் தூரத்தில் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். ஒன்றையொன்று தொடும்படி வைத்தால் பெரியதன் மின்னூட்டம் சிறியதன் மின்னூட்டத்தை விரட்டிவிடும். பிரெஞ்சுக் கணிதவியலாளர் புவாசோன் இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணக்கிட்டுக் காட்டினார். தொட்டுக்கொண்டிருக்கும் சிறிய உருண்டையை எவ்வளவு சுருக்கினாலும், அதன் சராசரி அடர்த்தி பெரியதைப் போல சுமார் 1.64 மடங்கைத் தாண்டாது. நீண்ட கம்பி, முனையைப் பெரிய உடலிலிருந்து விலக்கி நீட்டிவைக்கிறது. இடிதாங்கி கூரைக்கு மேலே உயர்ந்து நிற்பதும் அப்படித்தான்.

இப்போது சிறிய உருண்டையின் ஆரத்தை 1 மில்லிமீட்டராக்குவோம், மின்னழுத்தம் அதே 9,000 வோல்ட். அதன் மேற்பரப்பில் சென்டிமீட்டருக்கு 90,000 வோல்ட் வந்துவிடும். சாதாரணக் காற்று தட்டையான தகடுகளுக்கு நடுவே சுமார் 30,000 வோல்ட்டில் உடைந்து மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். நுண்ணிய முனைக்கு அருகே வலுவான புலம் மிகச் சிறிய இடத்தில் மட்டுமே இருப்பதால் காற்று இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனாலும் 90,000 அதற்கு மிகை. காற்று மூலக்கூறுகள் உடைந்து அயனிகளாகின்றன. இருட்டில் பார்த்தால் முனையில் ஊதா நிற மினுக்கம் தெரியும், உஸ்ஸென்ற சத்தம் கேட்கும், ஓசோன் வாடை வரும். பள்ளிப் புத்தகங்கள் ஒளிவட்ட மின்னிறக்கம் என்று சொல்வது இதைத்தான். உயரழுத்த மின்பாதைகளுக்கு அடியில் நின்றால் தூறல் நாளில் இந்தச் சத்தம் கூடுதலாகக் கேட்கும். கம்பியின் அடியில் தொங்கும் ஒவ்வொரு நீர்த்துளியும் ஒரு கூர்முனையாகிவிடுவதே காரணம். அந்தப் பாதைகளின் மின்காப்பிச் சரங்களில் உலோக வளையங்கள் மாட்டுவதும், போல்ட், ஆணி போன்ற சின்ன முனைகளை அந்த வளையத்தின் மறைவில் வைத்து அவற்றின் மேல் புலம் குவியாமல் தடுப்பதற்குத்தான்.

அப்படியானால் மின்னலைப் பிடிக்கவும் கூர்முனைதானே சிறந்தது? இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலோர் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மலையுச்சி ஒன்றில் சார்லஸ் மூரும் சகாக்களும் கூரிய கம்பிகளையும் மழுங்கிய கம்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டு ஏழாண்டுகள் காத்திருந்தார்கள். 2000 இல் வெளியான முடிவு இது: மழுங்கிய கம்பிகளில் பன்னிரண்டு மின்னலை வாங்கின, கூரியவற்றில் ஒன்றுகூட வாங்கவில்லை. அடிபட்டவற்றின் முனை விட்டம் 12.7 முதல் 25.4 மில்லிமீட்டருக்குள் இருந்தது.

நம் உருண்டைகளே இதற்குப் பாதி விளக்கம் சொல்லிவிடும். மேற்பரப்பில் அல்ல, அங்கிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளி அளந்து பார்ப்போம். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள முனைக்கு எதிரே 90,000 வோல்ட் வெறும் 740 வோல்ட்டாகச் சரிந்துவிடுகிறது. 10 சென்டிமீட்டர் உருண்டைக்கு எதிரேயும் ஏறக்குறைய அதே 740. 1 சென்டிமீட்டர் உருண்டைக்கு எதிரே மட்டும் 2,250 வோல்ட் மிஞ்சுகிறது. கூர்முனையின் வலிமை மேற்பரப்பை ஒட்டியே தீர்ந்துபோகிறது. மொத்தையான உருண்டையிலோ வலிமையே குறைவு. நடுத்தர ஆரம்தான் தூரத்துக்கு எட்டுகிறது. மின்னல் பிடிபட இது தேவை. மேகத்திலிருந்து மின்னல் இறங்கி வரும்போது, கம்பியின் முனையிலிருந்து ஒரு மின்கீற்று மேலே கிளம்பிச் சென்று அதைச் சந்திக்க வேண்டும்.

மீதிப் பாதி விளக்கம் அயனிகளில் இருக்கிறது. கூர்முனை முன்னதாகவே கசியத் தொடங்கிவிடுகிறது. அப்படிக் கசிந்த அயனிகள் முனையைச் சுற்றி ஒரு திரைபோல நின்று, அங்குள்ள புலத்தைத் தணித்துவிடுகின்றன. மழுங்கிய முனை அவ்வளவு சீக்கிரம் கசிவதில்லை. மின்னல் நெருங்கும் கணத்தில் புலம் திடீரென ஏறும்போது அதன் எதிரே திரை இருக்காது, கீற்று தடையின்றிக் கிளம்பும்.

அதற்காக ஏற்கெனவே நிற்கும் கூரிய இடிதாங்கிகள் வீண் என்று ஆகிவிடாது. மூர் குழுவினர் இரு வகைகளையும் அருகருகே போட்டியிட வைத்தார்கள். உயரமான கட்டடத்தில் கூர்முனை தனியாக நிற்கும்போது அதன்மேலும் மின்னல் விழுகிறது, கம்பி அதைத் தரைக்குக் கொண்டுபோகிறது. வீட்டைக் காப்பாற்றும் பெரும்பொறுப்பு முனைக்குக் கீழே, இடையில் எங்கும் அறுந்துபோகாத தடித்த கடத்தியிடமும் ஈரமான மண்ணில் ஆழமாகப் புதைத்த மின்முனையிடமும் இருக்கிறது.