சத்தம் வந்தால் சிலை

என் அக்கா மகளுக்கு அப்போது ஐந்து வயது. வலிப்பு வந்ததால் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். "கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும், வலிக்கவே வலிக்காது" என்று சொல்லித்தான் கூட்டிப்போனோம். படுக்கை உள்ளே நகர்ந்து, முதல் சத்தம் எழுந்ததுமே அலறி எழுந்துவிட்டாள். ஸ்கேன் எடுக்காமலே திரும்பினோம். தவறு எங்களுடையது. வலிக்காது என்று நாங்கள் சொன்னபோதுதான் அவளுக்கு வலி என்ற நினைப்பே வந்திருக்கிறது. சத்தத்தைப் பற்றியோ நாங்கள் வாயே திறக்கவில்லை.

அந்தச் சத்தம் தப்பிக்க முடியாதது. பெரிய காந்தத்துக்குள் இருக்கும் கம்பிச்சுருள்களில் மின்சாரம் மின்னல் வேகத்தில் மாறி மாறிப் பாயும்போது அவை அதிர்கின்றன. சுத்தியலால் தட்டுவது போலவும் துளைபோடும் இயந்திரம் போலவும் கேட்பது அந்த அதிர்வுதான். 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதை அடைத்தே ஆகவேண்டும்.

அசைந்தால் என்ன கெட்டுவிடும்? போட்டோவில் கை ஆடினால் கை மட்டும் மங்கும். எம்.ஆர்.ஐ. அப்படியல்ல. சில நிமிடங்கள் சேகரித்த சமிக்ஞைகள் மொத்தமும் சேர்ந்துதான் ஒரு படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் உண்டாக்குகின்றன. நடுவில் தலை சில மில்லிமீட்டர் திரும்பினாலும் படம் முழுக்க நிழல் வரிகள் விழும். வலிப்புக்குக் காரணமான சின்னத் தழும்பு அதில் மறைந்துபோகலாம்.

ஆனால் குழந்தை அரைமணி நேரம் ஒரேயடியாக அசையாமல் கிடக்க வேண்டியதில்லை. இதை யாராவது எங்களுக்கு முன்பே சொல்லியிருக்கலாம். ஸ்கேன் பல துண்டுகளாக எடுக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் பெரும்பாலும் 2 முதல் 6 நிமிடம். சத்தம் ஓடும்போது அசையக்கூடாது. நின்றதும் இருமலாம், எச்சில் விழுங்கலாம், கால்விரலை ஆட்டலாம். தலை மட்டும் வைத்த இடத்தில் இருக்கவேண்டும்.

இதைத் தெருவில் ஆடும் ஸ்டேச்சு விளையாட்டாக மாற்றினோம். சாப்பாட்டு மேசையைப் போர்வையால் மூடி, அடியில் பாய் விரித்தோம். தலைக்கு மேல் வரும் கூண்டுக்குப் பதில் பிளாஸ்டிக் கூடை. முதலில் அவளுடைய பொம்மை ஸ்கேன் எடுத்துக்கொண்டது. பொம்மை ஆடிவிட்டதென்று அவளே திட்டினாள். பிறகு அவள் படுத்தாள். போனில் எம்.ஆர்.ஐ. சத்தத்தை முதலில் மெதுவாக, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி ஒலிக்கவிட்டோம். முதல் நாள் 30 விநாடிதான் தாங்கினாள். ஆறாவது நாள் நான்கு நிமிடம்.

"சித்தி, மூச்சு விடலாமா?" என்று அன்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சிலை என்றதும் மூச்சையும் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். மூச்சு விடலாம், கண் சிமிட்டலாம் என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஸ்கேன் அன்று கொலுசு, தோடு, தாயத்து, அரைஞாண், ஹேர்பின், ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டோம். சரிகை வைத்த பாவாடையும் வேண்டாம். உலோக இழை சூடேறலாம். சோதித்துவிட்டு அக்காவை உள்ளே விட்டார்கள். அவள் மகளின் காலைப் பிடித்தபடி நின்றாள். இந்த முறை ஸ்கேன் முழுதாக முடிந்தது.

எல்லாக் குழந்தைக்கும் இது கைகூடாது. சில மாதக் கைக்குழந்தைக்குப் பசியெடுக்கும் நேரம் பார்த்துப் பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றினால் அது தூங்கும்போதே எடுத்துவிடலாம். அதன் பிறகு சுமார் நான்கு வயது வரைதான் கஷ்டம்; சொன்னால் புரியாது, தூக்கமும் கலைந்துவிடும். அப்போது பெரும்பாலும் மயக்கமருந்து தேவைப்படுகிறது. பெரிய குழந்தைக்கும் ஸ்கேன் நீளமானதென்றால், அவசரமென்றால், பழகியும் சத்தம் கேட்டு நடுங்கினால் அதே வழிதான். அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். தெளிவில்லாத படத்தை வைத்து வலிப்புக்கு மருந்து முடிவு செய்வது அதைவிட மோசம்.

ஆனால் தூக்க மருந்தை வீட்டிலேயே கொடுத்துக் கூட்டிவரச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். எண்ணியதைவிட ஆழமாகத் தூங்கினால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப்பாதை அடையலாம். குழாய்க்குள் இருக்கும் குழந்தையின் முகமும் தெரியாது. அதனால் காந்த அறைக்கென்றே செய்த கருவிகளால் ஆக்சிஜன் அளவையும் மூச்சையும் விடாமல் கவனிக்க, மயக்கமருந்து தருவதில் பயிற்சி பெற்ற டாக்டர் கூடவே இருக்கவேண்டும். வழக்கமாகத் திட உணவையும் பவுடர் பாலையும் 6 மணி நேரம் முன்பு, தாய்ப்பாலை 4 மணி நேரம் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். அழுகிறதே என்று ஒரு பிஸ்கட் கொடுத்தாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். சளி, காய்ச்சல் இருந்தாலும் சொல்லவேண்டும். தள்ளிவைக்கக்கூடும். வலிப்பு மருந்தை அன்று காலை கொடுப்பதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

முழுதாக விழித்து, தண்ணீரோ பாலோ குடித்து ஒத்துக்கொண்ட பிறகே அனுப்புவார்கள். வழியில் மறுபடி தூங்கிப்போவது உண்டு. டூவீலர் வேண்டாம். காரில் ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையின் தலை முன்னால் மார்பில் சரிந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.