எழுத்தைச் சுற்றி ஏன் இந்த அழுக்கு?

ஸ்கிரீன்ஷாட்டை ஜேபெக்காகச் சேமித்து, ஓர் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளைப் பின்னணியில் சாம்பல் புள்ளிகள் மொய்த்திருக்கும். ஜேபெக் படத்தை 8x8 புள்ளிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் அலைகளின் கூட்டலாக எழுதிவைக்கிறது. நுண்ணலைகளைத் தோராயமாக்கியோ கைவிட்டோ இடத்தை மிச்சம்பிடிக்கிறது. மேகத்தில் இது தெரியாது. கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் சட்டென்று தாவும் எழுத்தின் ஓரத்துக்கோ அந்த நுண்ணலைகள்தான் உயிர். அவை போனதும் மற்ற அலைகள் கட்டம் முழுக்கத் தளும்புகின்றன. சிவப்பு எழுத்து இன்னும் பாவம்: நிற விவரம் பெரும்பாலும் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் சேமிக்கப்படுகிறது.

பிஎன்ஜி ஒரு புள்ளியையும் மாற்றாது. ஒரே நிறம் பரந்த செட்டிங்ஸ் திரைகளில் கோப்பும் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். ஆனால் கெட்டுப்போன ஜேபெக்கை பிஎன்ஜியாக மாற்றினால் அழுக்குதான் பத்திரமாகும். திரையை மறுபடி பிடிப்பதே வழி. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் படமாக அல்ல, ஆவணமாக அனுப்புங்கள்.