சுவரில் ஒரு படத்தொகுதி

வீட்டுக் கூடத்தில் சட்டமிட்ட படங்களை மாட்டுவோர் பெரும்பாலும் முதலில் ஆணியை அடித்துவிட்டுப் பின்னர் இடத்தைத் தேடுகின்றனர். பூச்சுச் சுவரில் விழுந்த துளையை அடைத்தாலும் தடம் மறைவதில்லை. இதைத் தவிர்க்க எளிய வழியொன்று உண்டு. சுவரை ஒளிப்படம் எடுத்து, அப்படத்தின்மேல் காகிதத் துண்டுகளை நகர்த்திப் பார்த்து முடிவெடுப்பதே அது.

ஒளிப்படம் எடுக்கும் முறையில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. சுவரின் நடுப்பகுதிக்கு நேர் எதிரே, இயன்ற அளவு பின்னால் தள்ளி நின்று, கருவியைச் சுவரின் பாதி உயரத்தில் சாய்க்காமல் பிடிக்க வேண்டும். எடுப்பதற்கு முன், சுவரின் இடக்கோடியிலும் வலக்கோடியிலும் 1 மீட்டர் நீளமுள்ள காகிதப் பட்டையை நிமிர்த்தி ஒட்டுதல் நலம். அச்சிட்ட படத்தில் இரு பட்டைகளும் 5 செ.மீ. இருந்தால், படம் சுவரின் இருபதில் ஒரு பங்கு அளவில் அமைந்துள்ளது என்று கொள்ளலாம். ஒன்று 5 செ.மீ., மற்றொன்று 4.6 செ.மீ. என வந்தால், எடுத்தவர் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றிருக்கிறார். அப்படத்தை நம்பி அளத்தல் கூடாது. சுவருக்கு முன்னே கிடக்கும் இருக்கை, கருவிக்கு அருகில் இருப்பதால், உண்மையைவிடச் சற்றுப் பெரிதாகவே தோன்றும். அதனை நாடாவால் நேரில் அளந்துகொள்வதே முறை.

ஒரு வீட்டுக் கூடத்தை எடுத்துக்கொள்வோம். சுவரின் அகலம் 360 செ.மீ. அதையொட்டி 180 செ.மீ. நீளமுள்ள மர இருக்கை. சாய்மானத்தின் உயரம் 80 செ.மீ. இருக்கையின் நடுப்புள்ளி சுவரின் இடக்கோடியிலிருந்து 150 செ.மீ. தொலைவில் உள்ளது. வலப்புறம் 225 செ.மீ. தொலைவில் மின்விசைப் பலகை தொடங்குகிறது. மாட்ட வேண்டியவை ஐந்து: தாத்தா, பாட்டியின் கறுப்பு வெள்ளைத் திருமணப் படம் ஒன்று, சட்டத்துடன் 50 செ.மீ. அகலமும் 70 செ.மீ. உயரமும் கொண்டது, பிள்ளைகளின் சிறிய படங்கள் நான்கு, ஒவ்வொன்றும் 30 செ.மீ. அகலமும் 32 செ.மீ. உயரமும் உடையவை.

ஐந்தையும் தனித்தனியாக எண்ணாமல் ஒரே பெரிய படமாக எண்ணுவதே இங்கு அடிப்படை. பெரியது நடுவே நிற்க, இருபுறமும் இரண்டிரண்டு சிறியவை ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும். இடைவெளி 6 செ.மீ. என்றால், இரு சிறு படங்களும் அவற்றின் இடைவெளியும் சேர்ந்து 70 செ.மீ. ஆகின்றன; பெரிய படத்தின் உயரமும் அதுவே. தொகுதியின் மொத்த அகலம் 122 செ.மீ. இது இருக்கை நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காதலால் இரண்டும் இணைந்து தோன்றும். இடைவெளி 15 செ.மீ. ஆகிவிட்டால் தொகுதி சிதறி, ஐந்து தனிப்படங்களாகிவிடும். முகம் இடப்பக்கம் திரும்பிய பிள்ளையின் படத்தை வலப்புறம் வைத்தால், பார்வை தாத்தா, பாட்டியை நோக்கி அமையும். மாற்றி வைத்தால் அப்பிள்ளை குடும்பத்தைவிட்டு வெளியே பார்ப்பதுபோல் இருக்கும்.

இனி உயரம். நின்று பார்ப்போரின் கண்மட்டத்தைக் கருதி, படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 செ.மீ. அளவில் இருப்பது பொதுவழக்கு. அவ்வாறு வைத்தால் இத்தொகுதியின் கீழ்விளிம்பு 110 செ.மீ. உயரத்தில் நிற்கும், சாய்மானத்துக்கு மேல் 30 செ.மீ. வெற்றிடம் தோன்றி, படங்கள் மிதப்பதுபோல் இருக்கும். கூடத்தில் பலரும் அமர்ந்தே பார்ப்பர் என்பதால் 10 செ.மீ. இறக்கி, நடுப்புள்ளியை 135 செ.மீ. அளவில் வைப்பதே பொருத்தம். தொகுதியைச் சுவரின் நடுவுக்கன்றி, இருக்கையின் நடுவுக்கு நேராக வைத்தால், அதன் வலவிளிம்பு 211 செ.மீ. தொலைவில் முடியும், மின்விசைப் பலகைக்கு முன் 14 செ.மீ. எஞ்சும். பழைய வீடுகளில் படங்களை வாயில் நிலைக்கும் மேலே, முன்புறம் சாய்த்து மாட்டினர். அந்த உயரத்துக்குச் சாய்வு தேவைப்பட்டது. இங்கே அது வேண்டியதில்லை.

ஒளிப்படத்தில் முடிவானதும் செய்தித்தாளை உண்மை அளவில் வெட்டிச் சுவரில் ஒட்டி, பகலிலும் இரவிலும் பார்த்துவிடுவது நல்லது. எதிர்ச் சன்னலின் ஒளி எந்தக் கண்ணாடியில் பட்டுக் கூசும் என்பதை அச்சிட்ட படம் காட்டாது.

ஆணியின் இடத்தில்தான் பலர் தவறுகின்றனர். ஆணி சட்டத்தின் மேல்விளிம்பில் நிற்பதில்லை. பின்புறக் கயிற்றை விரலால் மேல்நோக்கி இறுக இழுத்து, மேல்விளிம்புக்கும் விரலுக்கும் உள்ள தொலைவை அளக்க வேண்டும். பெரிய படத்தில் அது 8 செ.மீ. எனில், மேல்விளிம்பு 170 செ.மீ. ஆதலால் ஆணி 162 செ.மீ. உயரத்தில் அமையும். சிறியவற்றின் வளையம் 3 செ.மீ. கீழே இருப்பின், மேல்வரிசை ஆணி 167, கீழ்வரிசை ஆணி 129 செ.மீ. உயரத்தில் வரும். கயிற்றைத் தளர்ந்த நிலையில் அளந்தால் கணக்குப் பிழைத்து, பெரிய படம் மட்டும் தன் இடம் தவறி நிற்கும். தரை சரிந்திருக்கக்கூடும், ஆதலால் ஒவ்வோர் ஆணிக்கும் தரையிலிருந்து அளவாமல், ரசமட்டம் வைத்து ஒரே கிடைக்கோடு வரைந்து, அதிலிருந்தே மேலும் கீழும் அளப்பது பிழையைத் தவிர்க்கும்.