பையில் எழுதியிருப்பதும் பை தாங்குவதும்

மாரி தொடங்கும் காலத்தில் சந்தைகளிலும் தெருவோரக் கடைகளிலும் பை வாங்குவோர் அதிகம். பல பைகளில் ‘வோட்டர் புரூப்’ என்றோ ‘வோட்டர் ரெசிஸ்டன்ட்’ என்றோ ஒரு சிறு அட்டை தொங்கும். இரண்டையுமே ‘நனையாது’ என்றுதான் நாம் விளங்கிக்கொள்கிறோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, தண்ணீர் உள்ளே புகாது என்று சொல்கிறது. இரண்டாவது, ஓரளவு தண்ணீரை ஓரளவு நேரத்துக்குத் தடுக்கும் என்று மட்டுமே சொல்கிறது. எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் என்பது பெரும்பாலும் பையின் அட்டையில் இருப்பதில்லை.

நான் வேலை செய்யும் கிராமங்களில் பெண்கள் பையில் கொண்டு திரிவது சாதாரண கடதாசிகள் அல்ல. காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப்பத்திரம், காணாமற்போன கணவருக்காகக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி எல்லாம் அதற்குள்தான் இருக்கும். இடம்பெயர்ந்தபோது ஒருமுறை தொலைத்து, பல தடவை அலைந்து மீண்டும் எடுத்தவை அவை.

அப்படி ஒரு சகோதரி, ‘வோட்டர் புரூப்’ என்று எழுதிய முதுகுப் பையில் இவற்றை வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குச் சைக்கிளில் போனார். அரை மணி நேரம் நல்ல மழை. போய்ப் பையைத் திறந்தபோது கோவையின் கீழ்ப்பகுதி நனைந்து, மையால் எழுதிய ஒரு பிரதி கலங்கியிருந்தது. “துணி நனையவே இல்லை, எப்படித் தண்ணி வந்தது?” என்று அவர் கேட்டார்.

பையை உட்புறம் வெளியே வரப் புரட்டிப் பார்த்தோம். துணியின் உட்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் போன்ற பூச்சு இருந்தது. தண்ணீரைத் தடுப்பது அந்தப் பூச்சுத்தான். ஆனால் துணித் துண்டுகளைத் தைக்கும்போது ஊசி போகும் ஒவ்வொரு இடத்திலும் பூச்சில் ஒரு துளை விழுகிறது. சிப்பின் பற்களுக்கு இடையிலும் வழி உண்டு. அந்தச் சகோதரியின் பையில் சிப்பால் இறங்கிய நீரும் அடித் தையலால் வந்த நீரும் அடியிலே சேர்ந்திருந்தன. துணியைப் பற்றி அட்டை சொன்னது பொய்யல்ல. அது முழுப் பைக்கும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். பூச்சும் காலப்போக்கில் ஒட்டும் தன்மையாகி, செதில் செதிலாக உரியும். அப்போது துணியும் கசியத் தொடங்கும்.

பை எப்படிப்பட்டது என்பதை வீட்டிலேயே அறியலாம். உள்ளே காய்ந்த பத்திரிகைத் தாள்களை நிரப்பி மூடுங்கள். சிப்பின் மேலும் தையல்களின் மேலும் ஐந்து நிமிடம் வாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். தாளில் ஈரம் கோடாக இருந்தால் தையலால் வந்தது. சிப்புக்கு நேர் கீழே இருந்தால் சிப்பால் வந்தது. நடுவிலே பரவலாக இருந்தால் பூச்சே போய்விட்டது. தையல் இல்லாமல் சூட்டால் ஒட்டப்பட்டு, வாயை மூன்று தரம் சுருட்டிப் பூட்டும் பைகளே ‘வோட்டர் புரூப்’ என்ற சொல்லுக்கு நெருக்கமானவை.

மழை ஜக்கெற்றுக்கும் இதே கதைதான். உட்புறத் தையல்களின் மேல் பட்டியான நாடா ஒட்டியிருந்தால் ஊசித் துளைகள் அடைபட்டுள்ளன. நாடா இல்லையென்றால் தூறலுக்குத் தாங்கும். நீண்ட மழையில் தோள் தையலால் நீர் இறங்கும், பை வார் அழுத்தும் இடத்தில் இன்னும் விரைவாக.

கைக்கடிகாரத்தில் மட்டும் சற்றுத் தெளிவான விதி உண்டு. 2010இல் வந்த சர்வதேச தரமான ஐ.எஸ்.ஓ. 22810 ‘வோட்டர் ரெசிஸ்டன்ட்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. ஆனால் ‘30 மீற்றர்’ என்று எழுதியிருப்பது 30 மீற்றர் ஆழத்துக்கு இறங்கலாம் என்பதல்ல. அந்த ஆழத்து நீரின் அழுத்தத்தில் புதிய கடிகாரத்தை அசையாமல் வைத்துச் சோதித்ததைக் குறிக்கும். கை கழுவவும் மழைக்கும் அது போதும். நீந்துவதற்குப் போதாது. பின்மூடிக்குள் இருக்கும் றப்பர் வளையம் நாளடைவில் இறுகும். பற்றரி மாற்றும்போது அது சரியாக அமராவிட்டாலும் அந்த எண் பயனற்றதாகிவிடும். ஆகவே பற்றரி மாற்றும் இடத்தில் வளையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரி புதுப் பை வாங்கவில்லை. பத்திரங்களை நன்கு உலர்த்தி, தடித்த பொலித்தீன் பையில் இட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயை மூன்று தரம் மடித்து ஒட்டினார். அதை அதே பைக்குள், மடித்த பக்கம் மேலே இருக்கும்படி வைத்தார். பைக்குள் நீர் இறங்கினாலும் அடியில்தான் சேரும், மடிப்பு வரை ஏறாது. அடுத்த முறை மழையில் போய் வந்தபோது பையின் அடி ஈரமாகத்தான் இருந்தது. பத்திரங்கள் காய்ந்தபடியே இருந்தன.