ஒரு பக்கத் தன்விவரக் குறிப்பு: சாதனையில் தம் பங்கு எவ்வளவு?

2002-ஆம் ஆண்டில் தில்லி மின் வாரியம் பிரிக்கப்பட்டு, நகரின் பெரும்பகுதி மின் பகிர்மானம் மூன்று நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது விநியோகித்த மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதிக்குப் பணம் வந்து சேரவில்லை. பின்னர் அவ்விழப்பு 10 சதவீதத்திற்கும் கீழே இறங்கியது. இத்தகைய நிறுவனத்தில் பணியாற்றும் பொறியாளர் ஒருவர் மேலாண்மைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, "இழப்பைக் குறைத்தேன்" என்று எழுதுவது இயல்பு. தேர்வுக் குழுவினர் கேட்பதோ, அதில் உம் பங்கு எவ்வளவு என்பதே.

ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். ஒரு பொறியாளரின் பகுதிக்கு மாதம் 20 லட்சம் யூனிட் மின்சாரம் வருகிறது. 18 மாதங்களில் இழப்பு 24 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைந்தது. இந்த 9 சதவீதப் புள்ளிகளும் அவருடையவை அல்ல. நிறுவனம் எங்கும் புதிய மீட்டர்களைப் பொருத்தி வந்தது. அண்டைப் பகுதியிலும் அதே மீட்டர்கள் வந்தன. அங்கு இழப்பு 24-இலிருந்து 20 ஆயிற்று. எனவே அவர் உரிமை கொண்டாடத் தக்கது சுமார் 5 புள்ளிகள், அதாவது மாதம் ஒரு லட்சம் யூனிட். இரு பகுதிகளும் முற்றிலும் ஒத்தவை அல்ல என்பதால் "சுமார்" என்ற சொல் அவசியம். எண் சிறுத்தாலும், நேர்முகத் தேர்வில் அது நிற்கும்.

அந்த 5 புள்ளிகள் எவ்வாறு வந்தன என்பதே அடுத்த வரி. ஒவ்வொரு மின்மாற்றியிலிருந்து வெளிச்சென்ற யூனிட்டையும், அதன்கீழ் உள்ள இணைப்புகளுக்குப் பில் போட்ட யூனிட்டையும் அவர் ஒப்பிட்டார். 40 மின்மாற்றிகளில் 9-இல் மட்டுமே இழப்பு குவிந்திருந்தது தெரிந்தது. ஆட்களை அங்கு அனுப்பினார்.

தலைமைப் பண்பு என்ற இடத்தில் பலர் "12 பேரை மேற்பார்வையிட்டேன்" என்று எழுதி முடித்து விடுகின்றனர். அது பதவியின் விவரமேயன்றித் தலைமையன்று. இவரது ஒப்பீட்டிற்கு, எந்த இணைப்பு எந்த மின்மாற்றியைச் சேர்ந்தது என்ற பட்டியல் தேவைப்பட்டது. அது தம் ஆணைக்கு உட்படாத பில் பிரிவில் இருந்தது. அவர்களை இணங்கச் செய்து பட்டியலைத் திருத்திய செய்தியை ஒரு வரியில் எழுதினால் போதும்.

எதிர்கால நோக்கம் பெரும்பாலும் தனிக் கட்டுரையில் கேட்கப்படுவது. எனினும் குறிப்பின் தலைப்பில் ஒரு வரி இடலாம்: "மாநில மின் பகிர்மானக் கழகங்களின் வருவாய்ச் சீரமைப்பில் பொறுப்பேற்பது, அதற்கு நிதி மேலாண்மை கற்பது." "உயர் நிர்வாகப் பதவி" என்பது எவருக்கும் பொருந்துமாதலால் எதையும் சொல்வதில்லை. நோக்கம் தெளிவானால், எதை நீக்குவது என்பதும் தெளிவாகும். தந்தை பெயர், பள்ளிப் பரிசுகள், கணினிப் பயிற்சிச் சான்றிதழ் ஆகியவை, நம் பழைய பயோடேட்டாப் பழக்கம் எவ்வளவு வலியுறுத்தினாலும், வெளியேற வேண்டியவை. எழுத்தைச் சுருக்கி இடம் தேடுவது வீண்.

அனுப்புமுன் இன்னொன்று: நிறுவனத்தின் உள் விவரங்களை வெளியிடத் தடை இருப்பின், யூனிட்டை விடுத்துச் சதவீதத்தை மட்டும் தரலாம். பரிந்துரைக் கடிதம் எழுதும் மேலதிகாரியிடமும் இதே குறிப்பைக் காட்டி விடுதல் நலம். அவர் நல்லெண்ணத்துடன் 9 புள்ளிகள் என்று எழுதிவிட்டால், ஐயம் விண்ணப்பதாரர் மீதே விழும்.